இடது காலில் நிற்காத செருப்பு

டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். அப்பாவுக்கு 76 வயது. மின்வாரியத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். பால் கணக்கிலிருந்து வட்டிக் கணக்கு வரை மனத்திலேயே போடுவார். மூன்று வாரமாக ஆளே மாறிவிட்டார். மாலை நான்கு மணிக்கு, காலைக் காப்பி இன்னும் வரவில்லை என்கிறார். ஒரு நாள் தெளிவாகப் பேசுகிறார். மறுநாள் என்னைத் தன் தம்பி என்று நினைத்துக் கூப்பிடுகிறார். சுவரைப் பிடித்துக்கொண்டு தள்ளாடி நடக்கிறார். இடது கால் செருப்பு கழன்று வாசலிலேயே கிடக்கிறது, அது தெரியாமல் உள்ளே வந்துவிடுகிறார். சர்க்கரை இல்லை. மூன்று வருடம் முன்பு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். வயதானால் இப்படித்தான் என்கிறார்கள் உறவினர்கள். ஞாபக சக்திக்கு மாத்திரை எழுதித் தருவீர்களா? வாக்கர் வாங்கலாமா?
– ஒரு மகன், மேற்கு மாம்பலம்

இதழ் அச்சாகி உங்கள் கைக்கு வரும்வரை காத்திருக்கக்கூடிய கடிதமல்ல இது. அதனால்தான் கிடைத்த அன்றே உங்களைத் தொலைபேசியில் அழைத்தேன். அப்பா இப்போது வீடு திரும்பிவிட்டதால், நீங்கள் சம்மதித்தபடி, அன்று நான் ஏன் அவ்வளவு அவசரப்படுத்தினேன் என்பதை மற்றவர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

என்னை முதலில் உலுக்கியது 'மூன்று வாரம்' என்ற சொல். முதுமை மறதி நோய் தொடங்கிய நாளை எந்தக் குடும்பமும் சொல்ல முடியாது. 'இரண்டு வருடமாகவே கொஞ்சம் கொஞ்சமாக' என்றுதான் சொல்வார்கள். போன மாதம் வட்டிக் கணக்கு போட்டவர் இந்த மாதம் மகனை அடையாளம் தவறுகிறார் என்றால் அதற்கு வயதைக் காரணம் காட்ட முடியாது. அடுத்தது அந்தச் செருப்பு. வயதின் தளர்ச்சி இரண்டு காலுக்கும் பொதுவாக வரும். ஒரு பக்கத்துக் கால் மட்டும் செருப்பைப் பிடித்துக்கொள்ள முடியாமல் விடுகிறது, விட்டதும் அவருக்குத் தெரியவில்லை என்றால், மூளையின் எதிர்ப்பக்கத்தை ஏதோ அழுத்துகிறது என்று சந்தேகிக்க வேண்டும். மூன்றாவது, ஸ்டென்ட். அப்படியானால் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்.

தலையில் அடி பட்டதா என்று கேட்டேன். 'இல்லவே இல்லை' என்றீர்கள். பின்னாலிருந்து உங்கள் அம்மாவின் குரல் கேட்டது: 'கொலு பொம்மைப் பெட்டியைப் பரணில் ஏற்றும்போது முனையில் இடித்துக்கொண்டாரே!' ரத்தம் வரவில்லை. லேசான வீக்கம் இரண்டு நாளில் வற்றிவிட்டது. நடந்து ஐந்து வாரம் ஆனதால் யார் நினைவிலும் நிற்கவில்லை. இது உங்கள் குற்றமல்ல. நான் சந்தேகித்தது மூளைக்கும் அதன் மேலுறைக்கும் நடுவில் மெதுவாகச் சேரும் ரத்தக் கசிவை. இந்த நோயாளிகளில் பலருக்கு அடி பட்ட நினைவே இருப்பதில்லை.

வயது ஏற ஏற மூளை சற்றுச் சுருங்குகிறது. மண்டை ஓடு சுருங்குவதில்லை. நடுவில் இடைவெளி கூடுவதால், மூளையிலிருந்து அதன் மேலுறைக்குப் போகும் மெல்லிய ரத்தக் குழாய்கள் இழுத்துக் கட்டிய நூல் போல் விறைத்து நிற்கின்றன. இளைஞனை ஒன்றும் செய்யாத ஓர் இடி, முதியவருக்கு அவற்றில் ஒன்றைக் கிழித்துவிடும். கசிவது சொட்டுச் சொட்டாகத்தான். இடைவெளி இருப்பதால் முதலில் வலியோ மயக்கமோ இல்லை. அந்த ரத்தத்தைச் சுற்றி ஒரு சவ்வு வளர்கிறது. அந்தச் சவ்வே மறுபடி மறுபடி கசிகிறது. சில வாரங்களில் உறைந்த ரத்தம் கரைந்து, பழைய எஞ்சின் ஆயில் போன்ற திரவமாகப் பெருகி மூளையை அழுத்தத் தொடங்குகிறது. அழுத்தம் கூடிக் குறைவதால்தான் ஒரு நாள் தெளிவு, ஒரு நாள் குழப்பம்.

அப்பாவைக் கண்ணை மூடி, இரண்டு கைகளையும் உள்ளங்கை மேலே பார்க்க நீட்டச் சொல்லும்படி கேட்டேன். பத்து எண்ணுவதற்குள் இடது கை தானாக உள்பக்கம் திரும்பித் தாழ்ந்தது என்றீர்கள். அதற்குமேல் நான் எதுவும் கேட்கவில்லை. மாத்திரை அட்டைகளையெல்லாம் ஒரு பையில் போட்டுக்கொண்டு, மூளை அறுவை சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அன்றே போகச் சொன்னேன். வழியில் எழுப்ப முடியாத தூக்கமோ, வாந்தியோ, வலிப்போ வந்திருந்தால் 108-ஐத்தான் அழைத்திருக்க வேண்டும். கை தாழாமல் இருந்தாலும் ஸ்கேன் வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க மாட்டேன். சோதனை சரியாக இருப்பதால் கசிவு இல்லை என்றாகிவிடாது.

சி.டி. ஸ்கேன் சில நிமிட வேலை. ஊசி மருந்து தேவையில்லை. அப்பாவுக்கு வலது பக்கம் பிறை வடிவில் 20 மில்லிமீட்டர் கனத்துக்கு ரத்தம். மூளையின் நடுக்கோடு 9 மில்லிமீட்டர் இடப்பக்கம் தள்ளப்பட்டிருந்தது. கூடவே ரத்தத்தில் சோடியமும் பார்த்தார்கள். அது சரியான காரியம். ரத்த அழுத்தத்துக்காக நீர் பிரியும் மாத்திரை சாப்பிடும் முதியவருக்குச் சோடியம் இறங்கினாலும் இதே குழப்பமும் தள்ளாட்டமும் வரும். சிறுநீர்த் தொற்றும் குழப்பத்தைக் கொண்டுவரும். ஆனால் அவை ஒரு பக்கத்துச் செருப்பை மட்டும் கழற்றுவதில்லை.

தட்டணுக்கள் ஏற்றி, மறுநாள் மண்டை ஓட்டில் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறிய இரண்டு துளைகள் போட்டுத் திரவத்தை வெளியேற்றினார்கள். மிச்சம் வடிய ஒரு குழாயை இரண்டு நாள் விட்டுவைத்தார்கள். 'தலையில் ஆபரேஷனா!' என்று நீங்கள் பதறியது நியாயம்தான். ஆனால் மூளை அறுவை சிகிச்சைகளில் இது எளியவற்றுள் ஒன்று. சிலருக்கு அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தே முடித்துவிடுவதுண்டு.

இவ்வளவு தெரிந்த நானும் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். பல வருடம் முன்பு, தலை சுற்றுகிறது என்று வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்குத் தலைசுற்றல் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினேன். பத்து நாள் கழித்து அவர் மகள் சொன்னார்: 'அப்பா சட்டையில் ஒரு கையை மட்டும் நுழைத்துக்கொண்டு, போட்டுவிட்டேன் என்கிறார்.' ஸ்கேனில் இதே பிறை. அவர் பிழைத்துக்கொண்டார். அன்றிலிருந்து தள்ளாடி வரும் முதியவரை உட்கார வைப்பதற்கு முன் நடக்க வைத்துப் பார்க்கிறேன்.

இனி நீங்கள் கவனிக்க வேண்டியது மாத்திரை விஷயம். நீங்கள் கொண்டுபோன பையில் ஆஸ்பிரின், கிளோபிடோக்ரெல் இரண்டும் இருந்தன. ஸ்டென்டுக்குப் பிறகு இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுவது பெரும்பாலும் ஒரு வருடம்தான். அதன்பின் பலருக்கு ஒன்றே போதும். பழைய சீட்டையே மருந்துக் கடையில் நீட்டி நீட்டி, மூன்று வருடம் ஓடியிருக்கிறது. இப்போது இரண்டையும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். எதை, எப்போது மறுபடி தொடங்குவது என்பதை அறுவை சிகிச்சை நிபுணரும் இதய மருத்துவரும் அடுத்த ஸ்கேனைப் பார்த்துச் சேர்ந்து முடிவு செய்யட்டும். நீங்களாகத் தொடங்கவும் வேண்டாம், ஸ்டென்ட் உள்ளவருக்கு அப்படியே விட்டுவிடவும் வேண்டாம்.

ஞாபக மாத்திரை தேவையில்லை. வாக்கர் வாங்க வேண்டுமா என்பதைப் பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்ட் இரண்டு வாரத்தில் சொல்வார். சுமார் பத்தில் ஒருவருக்கு இந்தத் திரவம் மறுபடி சேர்வதுண்டு, பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள். அதுவரை அப்பாவுக்கு வார் வைத்த செருப்பு வாங்கிக் கொடுக்காதீர்கள். வீட்டுக்குள் பழைய ரப்பர் செருப்போடு, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது, பத்தடி நடக்கட்டும். இடது கால் செருப்பு மறுபடி நழுவினால் எனக்குக் கடிதம் எழுதாமல் நேரே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.