வெட்டி ஒட்டுவதை நிறுத்துங்கள், தலைப்புக்கு ஒரு தாள் போடுங்கள்

கேள்வி: குரூப் 2 தேர்வுக்குப் படிக்கிறேன். ஏழு மாதமாகத் தினமும் இரண்டு பேப்பர் வாங்கி, செய்திகளை வெட்டி நோட்டில் ஒட்டுகிறேன். நான்கு நோட்டு நிரம்பிவிட்டது. ஒட்டாத துண்டுகள் ஓர் அட்டைப்பெட்டி நிறையக் கிடக்கின்றன. எதையும் திரும்ப எடுத்துப் படித்ததே இல்லை. எப்படிச் சமாளிப்பது?

பதில்: வெட்டி ஒட்டிய நோட்டு தேதி வரிசையில் போகும். வினாத்தாளோ விஷயத்தைக் கேட்கும். ஒரே விஷயம் பத்து நாள் செய்தியாக வந்தால் அது உங்கள் நோட்டில் பத்து இடத்தில் கிடக்கும். அதைவிடப் பெரிய சிக்கல், முதல் நாள் ஒட்டியது பத்தாவது நாள் தப்பாகிவிடுவதுதான்.

மகளிர் இட ஒதுக்கீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 2023 செப்டம்பர் 19 அன்று மக்களவையில் தாக்கலானபோது அது 128-வது அரசியலமைப்புத் திருத்த மசோதா. மறுநாள் மக்களவையில் 454 பேர் ஆதரவாகவும் 2 பேர் எதிராகவும் வாக்களித்தார்கள். 21-ஆம் தேதி மாநிலங்களவையில் எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறியது. 28-ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்துச் சட்டமானபோது அதன் எண் 106. மசோதாவின் எண் வேறு, திருத்தச் சட்டத்தின் எண் வேறு. என்னிடம் படித்த ஒரு பெண்ணின் நோட்டில் இதைப் பற்றி ஆறு துண்டுகள் ஒட்டியிருந்தன. எல்லாவற்றிலும் 128-ஐச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டிருந்தார்; 106 எங்குமே இல்லை. பரபரப்பான அந்த மூன்று நாளும் வெட்டியவர், ஒப்புதல் கிடைத்த செய்தியை விட்டுவிட்டார்.

அதனால் நோட்டை விட்டுவிட்டு, துளையிட்ட தனித்தாள்களும் ஒரு ஃபைலும் வாங்குங்கள். ஒரு தலைப்புக்கு ஒரே தாள். மேலே நடுவில் ‘மகளிர் இட ஒதுக்கீடு’, வலது ஓரத்தில் பாடத்திட்டப் பகுதியான ‘இந்திய ஆட்சியியல்’. முதல் வரியில் 106-வது திருத்தம், ஒப்புதல் கிடைத்த தேதி, பக்கத்தில் சின்னதாக ‘மசோதா எண் 128’. இரண்டாவது வரியில் மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் மூன்றில் ஒரு பங்கு, அதற்கான 330ஏ, 332ஏ பிரிவுகள். மூன்றாவது வரியில் எப்போது அமலாகும் என்பது: சட்டம் நடைமுறைக்கு வந்தபின் எடுக்கப்படும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, அதன் அடிப்படையில் தொகுதி மறுவரையறை, அதற்கு அப்புறம்தான். இதைச் சொல்வது 334ஏ. அவ்வளவுதான், மீதித் தாள் காலியாக இருக்கட்டும். 2025 ஜூன் 16 அன்று கணக்கெடுப்புக்கான அறிவிக்கை வெளியானபோது, தனித் துண்டு எதுவும் தேவைப்படவில்லை. இதே தாளில் ஒரு வரி கூடியது, இரண்டு செய்திக்கும் உள்ள தொடர்பும் கண்ணில் பட்டது.

முடியாத செய்தியைப் பென்சிலில் எழுதுங்கள். முடிந்ததைத்தான் பேனாவில் எழுத வேண்டும். எது முடிந்தது என்பதைத் தலைப்புச் செய்தியின் கடைசிச் சொல்லே காட்டிக்கொடுக்கும். ‘வலியுறுத்தல்’, ‘பரிசீலனை’, ‘திட்டம்’, ‘வாய்ப்பு’ என்று முடிந்தால் படித்துவிட்டுப் புரட்டிவிடலாம். ‘தாக்கல்’, ‘அறிவிப்பு’ என்றால் பென்சில். ‘ஒப்புதல்’, ‘தீர்ப்பு’, ‘அமலுக்கு வந்தது’ என்றால் பேனா. இந்த ஒரு சல்லடையிலேயே நீங்கள் வெட்டுவதில் பெரும்பகுதி உதிர்ந்துவிடும்.

காலையில் படிக்கும்போது எழுதாதீர்கள், ஓரத்தில் ஒரு டிக் மட்டும் போதும். இரவு இருபது நிமிடம் உட்கார்ந்து, டிக் போட்டதை உரிய தாளில் சேருங்கள். காலையில் முக்கியமாகத் தெரிந்த சிலவற்றை இரவில் நீங்களே விட்டுவிடுவீர்கள். பேப்பரும் ஒன்றே போதும். எண்ணிலோ பெயரிலோ சந்தேகம் வந்தால் இரண்டாவது பேப்பரைப் புரட்டுவதைவிட, மத்திய அரசுச் செய்தியாக இருந்தால் pib.gov.in தளத்தில் சரிபார்ப்பது நல்லது.

விருது, விளையாட்டு, நியமனம் போன்றவற்றுக்குத் தனித்தாள் வேண்டாம். வகைக்கு ஒரு தாளில் கட்டம் போட்டு, வரிசையாக நிரப்பிக்கொண்டே போங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஃபைலிலிருந்து ஐந்து தாள்களை உருவி, தலைப்பைத் தவிர மற்றதை மூடிவிட்டு முதல் வரியைச் சொல்லிப் பாருங்கள். வராத தாளில் பெரும்பாலும் எழுத்து அதிகமாக இருக்கும். அதைச் சுருக்கி வேறு தாளில் எழுதிவிட்டுப் பழையதைக் கிழித்துவிடுங்கள்.

சரி, அந்த நான்கு நோட்டு? முதலிலிருந்து படிக்க ஆரம்பிக்காதீர்கள். கடைசி நோட்டை எடுத்துப் பின்னாலிருந்து முன்னால் வாருங்கள். முடிவு தெரிந்த செய்தி முதலில் வரும், அதற்கு முந்தைய துண்டுகளைப் பார்க்கவே வேண்டியிருக்காது. தினமும் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டு தாளுக்கு மாற்றுங்கள். பெட்டியில் கிடப்பதைப் பிரிக்காமலே பழைய பேப்பர் கடையில் போட்டுவிடலாம். அதில் முக்கியமானது ஏதாவது இருந்திருந்தால், அதன் முடிவு பின்னால் வந்த நோட்டில் எப்படியும் இருக்கும்.