நூலகத்துக்காகச் சேர்த்த பணத்துக்கு வரி கட்ட வேண்டுமா?

கேள்வி: எங்கள் கல்வி அறக்கட்டளை வருமான வரிச் சட்டத்தின் 12ஏபி பிரிவில் பதிவு பெற்றது. 2024–25இல் வரவு 20 லட்சம், செலவு 12 லட்சம் ரூபாய். மீதி 8 லட்சத்தை நூலகம் கட்ட வைத்திருக்கிறோம்; வேலை முடிய இரண்டு ஆண்டுகள் ஆகும். 85 சதவீதம் செலவழிக்கவில்லை, வரி வரும் என்கிறார்களே?

பதில்: வராமல் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் உரிய காலத்துக்குள் படிவம் கொடுத்தால்தான். ஆண்டு வருமானத்தில் 15 சதவீதம், உங்களுக்கு 3 லட்சம், எந்த நிபந்தனையும் இல்லாமல் கையில் வைத்திருக்கலாம். மற்ற 85 சதவீதம், அதாவது 17 லட்சம், அந்த ஆண்டிலேயே அறக்கட்டளையின் நோக்கத்துக்குச் செலவாகியிருக்க வேண்டும்.

முதலில் அந்த 12 லட்சத்தைச் சரிபாருங்கள். உண்மையில் பணம் கொடுத்த தேதிதான் கணக்கு. மார்ச் சம்பளம் 1 லட்சத்தைச் செலவாக எழுதிவிட்டு ஏப்ரலில் கொடுத்திருந்தால், இந்த ஆண்டுச் செலவு 11 லட்சம்தான். பேரேட்டை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது தெரியாது. வங்கிக் கணக்கோடு ஒப்பிட்டால் தெரியும். அப்படியானால் 17 லட்சத்துக்குக் குறைவு 6 லட்சம்.

இதில் அடுத்த ஆண்டுக்குள் செலவாகிவிடும் தொகைக்குப் படிவம் 9ஏ. சம்பளம் 1 லட்சத்தை அதில் காட்டலாம். காட்டினால் அடுத்த ஆண்டுச் செலவில் மறுபடி சேர்க்கக் கூடாது. நூலகத்துக்கான 5 லட்சத்துக்கு அது உதவாது, ஏனெனில் உங்கள் வேலை ஓராண்டில் முடியாது. அதற்குப் படிவம் 10. இது ஐந்து ஆண்டுகள் வரை அவகாசம் தருகிறது.

அறங்காவலர்கள் தீர்மானம் போட்ட பிறகு படிவத்தை நிரப்புங்கள். நோக்கம் என்ற இடத்தில் "கல்வி வளர்ச்சி" என்று எழுதாதீர்கள். அறக்கட்டளைப் பத்திரத்தில் உள்ள வாசகத்தை அப்படியே பெயர்த்தெழுதினால், எதற்காகச் சேர்க்கிறீர்கள் என்றே தெரியவில்லை என அதிகாரி மறுக்க இடமுண்டு. "பள்ளி வளாகத்தில் நூலகக் கட்டடம் கட்டவும் புத்தகங்கள் வாங்கவும்" என்று எழுதுங்கள். பணம் வங்கி வைப்பு, அஞ்சலகச் சேமிப்பு போன்று பிரிவு 11(5) அனுமதிக்கும் இடங்களில் இருக்க வேண்டும். அதை இன்னொரு அறக்கட்டளைக்குக் கொடுக்கக் கூடாது.

இரண்டு படிவங்களையும் வருமான வரிக் கணக்குத் தாக்கலின் கடைசித் தேதிக்கு இரண்டு மாதம் முன்னதாகவே இணையத்தில் கொடுக்க வேண்டும் என்பது விதி. கணக்குத் தாக்கலும் தாமதமாகக் கூடாது. எனக்குத் தெரிந்த ஓர் அறக்கட்டளை எல்லாக் கணக்கும் சுத்தமாக வைத்திருந்தும், படிவம் 10ஐ மறந்ததால் குழந்தைகளுக்கான பணத்தில் வரி கட்டியது. இன்றுவரை எனக்கு அந்த வருத்தம் தீரவில்லை.

2029–30 முடிவில் அந்த 5 லட்சத்தில் மிச்சம் இருந்தால், அது அந்த ஆண்டின் வருமானமாகி வரிக்கு உட்படும். கட்டட அனுமதியோ நிலமோ கைகூடாமல் திட்டம் நின்றுபோனால் கெடு முடியும்வரை காத்திருக்காதீர்கள். காரணம் உங்கள் கையை மீறியது என்று காட்டி, அறக்கட்டளையின் வேறொரு நோக்கத்துக்கு அந்தப் பணத்தைச் செலவழிக்க மதிப்பீட்டு அதிகாரியிடம் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.