398 மூடை, 400 மூடை: எல்.சி.யில் வங்கி எதைப் பிழை என்று சொல்லும்?

கேள்வி: முதற்தடவையாக எல்.சி. எனும் வங்கி நாணயக் கடிதத்தின் பேரில் ஒடியல் மா அனுப்பினேன். 25 கிலோ மூடை 400 என்று எல்.சி.யில் இருக்கிறது. இரண்டு மூடை கிழிந்ததால் 398 தான் ஏற்றினோம். பக்கிங் லிஸ்டில் மொத்த எடை 10,204 கிலோ, கப்பல் நிறுவனம் தந்த பில் ஒஃப் லேடிங்கில் 10,240. எல்.சி.யில் உள்ள ‘கிரேட் ஏ’ பக்கிங் லிஸ்டில் விடுபட்டுவிட்டது. கப்பலில் ஏற்றி 12 நாள் ஆகிறது. வங்கி பணத்தை மறுக்குமா?
– வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: வங்கி உங்கள் மாவைப் பார்ப்பதில்லை, காகிதத்தை மட்டும்தான் பார்க்கும். உங்கள் எல்.சி. பெரும்பாலும் யூ.சி.பி. 600 எனும் சர்வதேச எல்.சி. விதிகளின் கீழ்தான் இருக்கும். அந்த வரி இருக்கிறதா என்று ஒருதரம் பாருங்கள்.

உண்மையில் ஆபத்தானது அந்த இரண்டு மூடைதான். அளவில் 5 வீதம் கூடிக் குறையலாம் என்று பலர் நம்பியிருக்கிறார்கள். எல்.சி. அளவைக் கிலோவில் மட்டும் சொல்லியிருந்தால் அது சரி. மூடை எண்ணிக்கையாகச் சொல்லியிருந்தால் அந்தச் சலுகை கிடையாது. இனி 43P என்ற வரியைப் பாருங்கள். பகுதியாக அனுப்பலாம் என்று இருந்தாலோ, அதைப்பற்றி ஒன்றுமே சொல்லாவிட்டாலோ, 398 மூடைக்கு இன்வொய்ஸ் போட்டுக் கொடுக்கலாம். பகுதியாக அனுப்பக் கூடாது என்றிருந்தால் வங்கி மறுக்க இடமுண்டு. அப்போது பத்திரங்களைக் கொடுக்க முன்னரே, வாங்குபவரிடம் சொல்லி அவருடைய வங்கி மூலம் எல்.சி.யில் திருத்தம் கேளுங்கள். மறுப்பு வந்த பிறகு கேட்டால் அவர் விலையைக் குறைக்கப் பார்ப்பார். இன்வொய்ஸில் மட்டும் 400 என்று போட்டுவிடாதீர்கள். பில் ஒஃப் லேடிங்கோடு முரண்படும், பொய்ப் பத்திரமும் ஆகிவிடும்.

எடையில் இலக்கம் இடம்மாறியிருக்கிறது போலும். இரண்டு பத்திரங்கள் ஒரே எடையை வெவ்வேறாகச் சொன்னால் அது முரண்பாடுதான். நிறுவைச் சீட்டை எடுத்து எது சரி என்று பாருங்கள். பிழை பக்கிங் லிஸ்டில் என்றால் நீங்களே புதிதாக அடிக்கலாம். பில் ஒஃப் லேடிங்கில் என்றால், கப்பல் நிறுவனமோ அதன் முகவரோ திருத்தி ஒப்பமிட வேண்டும்; நீங்கள் கை வைக்கக் கூடாது.

‘கிரேட் ஏ’ பற்றிக் கவலை வேண்டாம். பொருளின் விபரம் இன்வொய்ஸில்தான் எல்.சி.யோடு ஒத்துப்போக வேண்டும். மற்றப் பத்திரங்களில் பொதுவாகச் சொன்னால் போதும், முரண்படாமல் இருந்தால் சரி.

அப்புறம், நாள். எல்.சி. வேறு கெடு சொல்லாவிட்டால், கப்பலில் ஏற்றிய நாளிலிருந்து 21 நாளுக்குள், எல்.சி. காலாவதியாக முன்னர், பத்திரங்களைக் கொடுக்க வேண்டும். உங்களுக்கு இன்னும் 9 நாள் இருக்கிறது. கிளையில் கொடுத்த நாளைக் கணக்கெடுப்பார்களா, கொழும்பிலுள்ள பிரிவுக்குப் போய்ச் சேர்ந்த நாளையா என்று இன்றே கேளுங்கள். வங்கி பார்த்து முடிக்க 5 வேலை நாள் எடுக்கலாம். மறுப்பதானால் எல்லாப் பிழைகளையும் ஒரே அறிவித்தலில் சொல்ல வேண்டும். கெடுவுக்கு முன் அது உங்கள் கைக்கு வந்தால், திருத்தி மறுபடி கொடுக்கலாம். ஆகவே எடையை நாளைக்கே சரிபண்ணி, இந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.