பணத்தைத் திருப்பித் தந்தால் போதுமா? ஏற்றதை ஆற்றுதல் வழக்குகள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி (காவேரிப்பட்டணம், விவசாயி): எங்கள் தோட்டத்தை ஒட்டிய 60 செண்டை, செண்ட் 25,000 ரூபாய் வீதம் 15 லட்சத்துக்குப் பேசி, 4 லட்சம் முன்பணம் கொடுத்து, பதினோரு மாதக் கெடுவில் கிரய அக்ரிமெண்ட் பதிவு செய்தோம். எங்களுக்குத் தண்ணீர் வரும் கிணறும் வண்டிப்பாதையும் அந்த நிலத்தில்தான் உள்ளன. இப்போது செண்ட் 40,000 போவதால், "முன்பணத்தை வட்டியோடு வாங்கிக்கொள்" என்கிறார் விற்பவர். வாங்கிக்கொள்ளத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. பேசியபடி கிரயம் செய்து தரச் சொல்லி ஏற்றதை ஆற்றுதல் பரிகாரம் கோரலாம். உங்கள் வழக்கில் பணம் ஏன் போதாது என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

முன்பணமும் வட்டியும் உங்கள் பணமே தவிர இழப்பீடு அல்ல. முறையான இழப்பீடு என்பது பேசிய விலைக்கும், ஒப்பந்தம் முறிந்த நாளின் சந்தை விலைக்கும் உள்ள வித்தியாசம். நீங்கள் சொல்லும் விலைப்படி அது 9 லட்சம். ஆனால் அந்த 9 லட்சத்தை நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க அக்கம்பக்கத்துக் கிரயப் பத்திரங்களைத்தான் காட்ட வேண்டும். கைமாறிய தொகையை முழுவதும் பத்திரத்தில் எழுதாத பழக்கம் நம் பக்கத்தில் எவ்வளவு பரவலானது என்பது உங்களுக்கே தெரியும். அந்தப் பத்திரங்களில் செண்டுக்கு 25,000 என்றே எழுதியிருந்தால், காகிதத்தில் உங்களுக்கு நட்டமே இல்லை என்று ஆகிவிடும்.

முழு 9 லட்சமும் கிடைத்தாலும், அதைக் கொண்டு வேறு ஊரில் 60 செண்ட் வாங்கலாமே ஒழிய, உங்கள் தோட்டத்துக்குத் தண்ணீர் தரும் இந்தக் கிணற்றை வாங்க முடியாது. அசையாச் சொத்துக்கு ஈடாகப் பணம் போதாது என்ற அனுமானத்தை 1963-ஆம் ஆண்டின் குறித்தவகை நிவாரணச் சட்டம் தன் பத்தாவது பிரிவிலேயே வைத்திருந்ததற்குக் காரணம் இதுதான். எனவே கிணற்றையும் பாதையையும் வழக்குரையில் விளக்கமாக எழுதச் சொல்லுங்கள். முன்பணத்தைத் திருப்பித் தரும் மாற்றுப் பரிகாரத்தையும் அதிலேயே கேட்டுவிடுங்கள். கேட்காததை நீதிமன்றம் தானாகத் தராது.

அக்ரிமெண்ட் பதிவானது உங்களுக்குப் பெரிய பலம். அது வில்லங்கச் சான்றில் தெரியும் என்பதால், இடையில் வாங்குபவர் "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று தப்பிக்க இயலாது.

கேள்வி (தர்மபுரி, நிலத் தரகர்): 2018 திருத்தத்துக்குப் பிறகு அக்ரிமெண்ட் இருந்தால் கோர்ட் கட்டாயம் கிரயம் செய்து கொடுத்தாக வேண்டும். மீதிப் பணத்தைத் தீர்ப்பு வந்த பிறகு புரட்டிக்கொள்ளலாம் என்றுதான் நான் எல்லோருக்கும் சொல்லி வருகிறேன். சரிதானே?

பதில்: முதல் பாதி ஏறக்குறைய சரி. 1.10.2018 முதல் இந்தப் பரிகாரம் நீதிபதியின் விருப்புரிமையாக இல்லாமல், சட்டம் சொல்லும் விலக்குகளுக்கு உட்பட்டு வழங்கியே தீர வேண்டிய ஒன்றாக மாறியது. அதற்கு முன் எழுதிய அக்ரிமெண்டுகளுக்குத் திருத்தம் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் கூறியது. அந்தத் தீர்ப்பையே 2024-இல் மறுஆய்வில் திரும்பப் பெற்றது. பழைய அக்ரிமெண்ட் வைத்திருப்பவர்களுக்கு இந்த வாதம் இன்னும் ஓயவில்லை.

இரண்டாம் பாதியைத் தயவுசெய்து யாருக்கும் சொல்லாதீர்கள். கிரயம் பெறத் தாம் தொடக்கம் முதலே தயாராகவும் விருப்பமாகவும் இருந்ததை மெய்ப்பிக்க வேண்டிய கடமை 16-ஆம் பிரிவின்படி இன்றும் வாதியுடையதே. பணத்தைக் கட்டாகக் கொண்டுபோய் நீட்டவேண்டும் என்றோ, நீதிமன்றம் உத்தரவிடும் முன்பே கட்டவேண்டும் என்றோ சட்டம் கேட்கவில்லை. ஆனால் மீதிப் பணத்துக்கு வழி இருந்தது என்பதை வங்கிக் கணக்கு, வைப்புத்தொகை, கடன் அனுமதிக் கடிதம் போன்ற ஏதாவது ஒன்றால் காட்டியாக வேண்டும். கெடு முடிவதற்குள் வக்கீல் நோட்டீஸ் அனுப்பி, "இந்தத் தேதியில் சார்பதிவாளர் அலுவலகத்தில் காத்திருப்பேன்" என்று தெரிவிப்பதும், அன்று உண்மையாகவே போய் நிற்பதும் விருப்பத்துக்குச் சான்றுகள். குறுக்கு விசாரணையில் "அன்று உங்கள் கணக்கில் எவ்வளவு இருந்தது?" என்ற ஒரு கேள்விக்குப் பதில் இல்லாமல் தோற்றுப்போகும் வாதிகள் பலர்.

கெடுத் தேதியிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம் என்பதை மூன்று ஆண்டுகள் உறங்கலாம் என்று கொள்ளவும் கூடாது. மதுரைச் சொத்து ஒன்றுக்கு 60,000 ரூபாய் பேசி 5,000 முன்பணம் கொடுத்தவர், ஆறு மாதக் கெடு முடிந்தும் இரண்டரை ஆண்டுகள் சும்மா இருந்தார் என்பதால், உச்ச நீதிமன்றம் 1997-இல் அவருக்குக் கிரயம் மறுத்துப் பணம் மட்டுமே கொடுக்கச் சொன்னது. அது பழைய சட்டத்தின் கீழ் வந்தது. ஆனாலும் அந்த மௌனத்தை விருப்பமின்மைக்குச் சான்றாக எதிர்த்தரப்பு இன்றும் காட்டவே செய்யும்.

கேள்வி (பாலக்கோடு): நான் விற்பவன். நான் பேச்சு மாறினால் முன்பணத்தை இரட்டிப்பாகத் தரவேண்டும் என்று அக்ரிமெண்டில் எழுதியிருக்கிறது. இரட்டிப்பாகக் கொடுத்துவிட்டால் விஷயம் முடிந்தது அல்லவா?

பதில்: முடியாது. அந்தத் தொகை உங்களைப் பேச்சுக்குக் கட்டுப்படுத்துவதற்காக எழுதப்பட்டிருந்தால், அதைக் கொடுத்து விலக உங்களுக்கு உரிமை இல்லை. "கிரயம் செய்யலாம் அல்லது இத்தொகையைக் கொடுத்து விலகலாம்" என்று உங்களுக்கே தெரிவு தந்திருந்தால்தான் அது பொருந்தும். உங்கள் வாசகத்தில் அப்படி ஒரு தெரிவு இருப்பதாகத் தெரியவில்லை.

கேள்வி (போச்சம்பள்ளி): எங்கள் பெங்களூரா மாங்காயை எடுப்பதாக எழுதிக் கொடுத்த கூழ் தொழிற்சாலை, அறுவடை நேரத்தில் கைவிரித்துவிட்டது. அவர்களை வாங்கவைக்க இதே வழக்கைப் போடலாம் அல்லவா?

பதில்: உங்களுக்கு வேண்டியது இழப்பீட்டு வழக்கு. இன்னொருவருக்கு விற்று, குறைந்த விலையின் வித்தியாசத்தைக் கேட்டால் உங்கள் நட்டம் சரியாகிவிடும். அந்தத் தொழிற்சாலையே வாங்கினால்தான் தீரும் என்ற நிலை இல்லை. தவிர, தீர்ப்பு வரும்வரை மாங்காய் தாங்காது. எடை ரசீதையும் மண்டி விலைச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். இழப்பைக் காட்ட அவைதான் ஆதாரம்.

கேள்வி (அரூர், குடும்பத் தலைவி): என் கணவர் 3 லட்சம் கடன் வாங்கியபோது, ஈடாக எங்கள் வீட்டை 4 லட்சத்துக்கு விற்பதாக அக்ரிமெண்ட் எழுதி வாங்கிக்கொண்டார்கள். வீடு 20 லட்சம் பெறும். இப்போது கிரயம் கேட்டு வழக்குப் போட்டிருக்கிறார்கள். அவர்களுக்கும் இந்தச் சட்டம் உதவுமா, ஐயா?

பதில்: அம்மா, அது உண்மையில் கிரய ஒப்பந்தமே அல்ல, கடனுக்கு ஈடு என்று நீங்கள் மெய்ப்பித்தால் உதவாது. எழுத்தில் உள்ளதற்கு மாறாக வாய்மொழிச் சாட்சியம் கூடாது என்பது பொது விதி என்றாலும், அந்தப் பத்திரம் கிரய ஒப்பந்தமாகச் செயல்படவேண்டும் என்று இரு தரப்பும் எண்ணவே இல்லை எனக் காட்டச் சாட்சியம் தரலாம் என்று உச்ச நீதிமன்றம் 1981-இலேயே ஏற்றிருக்கிறது. 20 லட்சம் பெறும் வீட்டுக்கு 4 லட்சம் விலை என்பதும், அதில் முக்கால் பங்கு முன்பணமாகவே போனது என்பதும் உங்கள் பக்கம் பேசும். மாதாமாதம் வட்டி செலுத்திய வங்கிப் பதிவோ, கைபேசிச் செய்தியோ இருந்தால் இன்னும் வலுவாகும். வட்டியைக் கையில் கொடுத்திருந்தால், அருகில் இருந்தவர்களைச் சாட்சிகளாக அழைக்க வேண்டும்.

விலை மிகக் குறைவு, குடும்பத்துக்குப் பெரும் துன்பம் என்று கூறி நீதிபதியின் கருணையைக் கோரும் வழி முன்பு இருந்தது. 2018 திருத்தம் அந்த விருப்புரிமையை எடுத்துவிட்டது. இது கடன் வாங்கியவர்கள் தலையில் விழுந்த பெரும் சுமை என்றே நான் கருதுகிறேன். ஆகவே எதிர்வழக்குரையிலேயே "இது கடன்" என்று தெளிவாக எழுதி, வாங்கிய தொகை, தேதி, செலுத்திய வட்டி மூன்றையும் குறிப்பிடுங்கள். சம்மன் கிடைத்த நாளை உங்கள் வழக்கறிஞரிடம் முதலில் சொல்லுங்கள். அதற்குப் பதில் தாக்கல் செய்ய 30 நாள்தான் அவகாசம், கூடுதல் நாள்களை நீதிமன்றம்தான் அனுமதிக்க வேண்டும்.