கர்டரின் நடுவில் இரும்பு ஏன் குறைவு? – கேள்வி பதில்

உருக்குக் கட்டுமானத்தில் 26 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். இன்று ஐ வடிவ உத்தரத்தைப் பற்றி மட்டும் கேளுங்கள். கணக்குக்கு ஐஎஸ்எம்பி 200 என்ற ஒரே கர்டரை எடுத்துக்கொள்கிறேன்: உயரம் 200 மி.மீ., அகலம் 100 மி.மீ.

பாலிடெக்னிக் முதலாண்டு மாணவி: மேடம், எடை ஒன்றுதான், இரும்பும் ஒன்றுதான். பட்டையாக இருந்தால் வளைகிறது, ஐ வடிவத்தில் இருந்தால் வளைவதில்லை. சூத்திரம் தெரியும், காரணம் புரியவில்லை.

பாத்திரம் தேய்க்கும் தடித்த ஸ்பாஞ்ச் ஒன்றை எடுத்து, அதன் பக்கவாட்டில் பேனாவால் பத்துச் செங்குத்துக் கோடுகள் போடம்மா. இரண்டு முனையையும் பிடித்து, நடுப்பகுதி கீழே தொங்குமாறு வளைத்துப் பார். மேலே கோடுகள் நெருங்கும், கீழே விலகும். நடு உயரத்தில் மட்டும் கோடுகளுக்கு இடையே உள்ள தூரம் மாறாது. மேல்பகுதி நசுங்குகிறது, கீழ்ப்பகுதி இழுபடுகிறது, நடுவில் இருப்பது ஏறக்குறைய சும்மா இருக்கிறது. இரும்பிலும் இதுவேதான் நடக்கிறது. அளவு சிறியது என்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை.

அந்த நடு அச்சிலிருந்து ஓர் இழை எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அந்தத் தூரம் இரண்டு முறை கணக்கில் வருகிறது. தள்ளி இருக்கும் இழை அதிகம் நீள்கிறது, ஆகவே அதிக விசையோடு எதிர்க்கிறது. அதே இழைக்கு நெம்புகோலின் கையும் நீளம், ஆகவே அந்த விசையின் பயனும் கூடுகிறது. தூரம் இரட்டிப்பானால் ஓர் இழை தரும் எதிர்ப்பு நான்கு மடங்காகும். உன் சூத்திரத்தில் தூரத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கும் இரண்டு இதைத்தான் சொல்கிறது.

இப்போது கர்டரைப் பார். மேலும் கீழும் கிடையாகக் கிடக்கும் பிளாஞ்சுகள் ஒவ்வொன்றும் 100 மி.மீ. அகலம், 10.8 மி.மீ. தடிப்பு. நடுவில் நிற்கும் வெப்பின் தடிப்பு 5.7 மி.மீ. மட்டுமே. மொத்த இரும்பில் மூன்றில் ஒரு பங்கு வெப்பில் இருக்கிறது. ஆனால் வளைவை எதிர்ப்பதில் அதன் பங்கு எட்டில் ஒன்றுதான். மீதி முழுவதும் பிளாஞ்சுகளின் வேலை.

இதே எடையில் ஒரு பட்டை வேண்டுமானால் 100 மி.மீ. அகலம், 32 மி.மீ. தடிப்பு வரும். படுக்கப் போட்டால் அதன் எந்த இழையும் நடு அச்சிலிருந்து 16 மி.மீ.க்கு மேல் தள்ளி இல்லை. வடிவம் வளைவை எவ்வளவு எதிர்க்கும் என்று சொல்லும் மதிப்பு I. b அகலம், h உயரம் என்று வைத்து I = bh³/12 போட்டால் 27 செ.மீ.⁴ கிடைக்கும். கர்டருக்கு அதே மதிப்பு சுமார் 2,200. எண்பது மடங்கு!

மூன்று மீட்டர் இடைவெளியில் இரு முனைகளையும் தாங்கிவைத்து, நடுவில் ஒரு டன் ஏற்றுவோம். கர்டர் 1.3 மி.மீ. தாழும், ஒரு மீட்டர் தள்ளி நின்று பார்த்தால் தெரியாது. பட்டைக்குக் கணக்கு 10 செ.மீ.க்கு மேல் காட்டும், ஆனால் அந்தக் கணக்கை நம்பாதே. பட்டையின் விளிம்பில் தகைவு 440 மெகாபாஸ்கல் வரை போகிறது. சாதாரணக் கட்டுமான உருக்கு 250-லேயே இளகிவிடும். பட்டை மடிந்து கீழே வந்துவிடும், சுமையை எடுத்த பிறகும் நிமிராது.

கட்டட மேற்பார்வையாளர்: பட்டையைப் படுக்கப் போட்டு ஒப்பிடுவது நியாயமா மேடம்? செங்குத்தாக நிறுத்தினால் பட்டையே போதும். ஐ வடிவம் எதற்கு?

பாதி சரியாகச் சொன்னீர்கள். அதே எடையில் 200 மி.மீ. உயரம், 16 மி.மீ. தடிப்புள்ள பட்டையை நிறுத்திவைத்தால் 1,067 செ.மீ.⁴ வருகிறது. படுத்த பட்டையைப் போல ஏறக்குறைய நாற்பது மடங்கு. ஆனால் அதே உயரமுள்ள கர்டரில் பாதிதான். காரணம், நிறுத்திய பட்டையில் நடுப்பகுதிக்கும் விளிம்புக்கும் ஒரே தடிப்பு. வேலையில்லாத இடத்தில் இரும்பு வீணாகிறது.

கல்லூரி செல்லும் தம்பி: அக்கா, ஐ பீமுக்கென்று தனியாக உயர்ந்த ரக இரும்பு போடுவார்களா?

இல்லை தம்பி. நான் மேலே போட்ட கணக்கில் இரண்டுக்கும் ஒரே உருக்குதான். வித்தியாசம் முழுவதும் வடிவத்தில்.

வீடு கட்டுபவர்: எங்கள் வீட்டு ஹாலுக்கு 16 அடி. மேலே ஓர் அறை வருகிறது. எந்த சைஸ் கர்டர் போடலாம்?

மேலே வரும் சுவர் எது, தளம் எந்தப் பக்கம் சாய்ந்து சுமையை இறக்குகிறது, கர்டர் உட்காரும் சுவர் என்ன என்று தெரியாமல் அளவு சொல்வது தவறு. வரைபடத்தோடு கட்டமைப்புப் பொறியாளரைப் பாருங்கள்.

கடை வைத்திருப்பவர்: ஷட்டருக்கு மேல் கர்டர் போட்டார்கள். உயரம் இடிக்கிறது என்று பக்கவாட்டில் சாய்த்து, H மாதிரி படுக்க வைத்துவிட்டார்கள். இரும்பு அதே இரும்புதானே, பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல முடியாது ஐயா. சாய்த்துப் போட்டால் வெப் நடு அச்சின்மேலேயே படுத்துவிடுகிறது. அதனால் ஒரு பயனும் இல்லை. பிளாஞ்சுகள் இரண்டும் குட்டையான இரண்டு பட்டைகளாக நின்றுகொண்டு சுமக்கின்றன. ஐஎஸ்எம்பி 200-க்கு 2,200 என்று சொன்ன மதிப்பு இப்படிப் போட்டால் சுமார் 150. விறைப்பு பதினைந்தில் ஒரு பங்கு, வலு ஏழில் ஒரு பங்கு.

இன்றே ஒரு வேலை செய்யுங்கள். கர்டரின் அடியில் முனைக்கு முனை மெல்லிய நூலை இழுத்துக் கட்டி, நடுவில் கர்டர் நூலை அழுத்துகிறதா என்று பாருங்கள். ஷட்டர் இறங்கும்போது நடுவில் உரசினாலும், மேல் சுவரில் சாய்வான விரிசல் தெரிந்தாலும், ஜாக்கி முட்டுக் கொடுத்துவிட்டு உடனே பொறியாளரை அழையுங்கள். நூல் நேராக இருந்தாலும் ஒரு முறை கணக்குப் போட்டுப் பார்த்தாக வேண்டும்.

மேற்பார்வையாளர்: நான் விடுவதாக இல்லை. பட்டையை இன்னும் மெல்லியதாக, உயரமாக ஆக்கலாமே? 400-க்கு 8 போட்டால் உங்கள் கர்டரே தோற்கும். கணக்குப் போட்டுவிட்டேன்.

உங்கள் கணக்கு சரி. 4,267 வரும், கர்டரைப் போல இரண்டு மடங்கு. ஆனால் நிஜத்தில் அந்தப் பட்டை அந்தக் கணக்கின்படி நடக்காது.

30 செ.மீ. எஃகு ஸ்கேல் ஒன்றை விளிம்பு மேலே வருமாறு நிறுத்தி, ஒரு முனையை மேசை விளிம்பில் இறுக்கிப் பிடித்து, மறுமுனையைக் கீழே அழுத்துங்கள். கொஞ்சம் தாங்கும். பிறகு சட்டென்று பக்கவாட்டில் முறுக்கிக்கொண்டு புரண்டுவிடும். இருபுறமும் தாங்கிய உத்தரத்தில் மேல் விளிம்பு நசுங்குகிறது. தென்னை ஈர்க்கின் இரு முனைகளையும் பிடித்து அமுக்கினால் அது நேராக நசுங்குவதில்லை, வில்லாகப் பக்கத்தில் ஓடுகிறது அல்லவா? மேல் விளிம்பும் அப்படித்தான் ஓடப் பார்க்கிறது. இழுபடும் கீழ் விளிம்பு நேராகவே நிற்க விரும்புகிறது. அதனால் உத்தரமே முறுக்கிக்கொள்கிறது.

உங்கள் 400-க்கு 8 பட்டையின் பக்கவாட்டு மதிப்பு 1.7 செ.மீ.⁴. கர்டருக்கு அது 150. பிளாஞ்சு அகலமாக இருப்பதற்கு இது இரண்டாவது காரணம்: இரும்பை நடு அச்சிலிருந்து தள்ளிவைப்பதோடு, நசுங்கும் விளிம்பு பக்கத்தில் ஓடாமலும் பிடித்துக்கொள்கிறது. பாடத்தில் முதல் காரணத்தைச் சொல்லிவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள். தளத்தில் நான் பார்த்த சரிவுகளில் பல இரண்டாவதால் வந்தவை.

மர வேலை செய்பவர்: அம்மா, பழைய மர உத்தரங்களுக்கு நடுவில் இரும்புப் பட்டையைச் செருகி போல்ட் போட்டு நாங்கள் வலுப்படுத்துவதுண்டு. பட்டை நிறுத்தித்தான் வைப்போம். புரண்டதே இல்லை.

அருமையான எடுத்துக்காட்டு அண்ணா. இருபுறமும் மரம் அணைத்துப் பிடித்திருப்பதால் பட்டைக்குப் பக்கத்தில் ஓட வழியே இல்லை. இரும்பு சுமக்கிறது, மரம் அதைப் பிடித்து நிறுத்துகிறது. போல்ட்டுகள் தளர்ந்தால் மட்டும் கவனியுங்கள்.

இன்னொருவர்: 14 அடி போர்டிகோவுக்கு ஐஎஸ்எம்பி 150 போதுமா?

அளவுக் கேள்விக்கு மேலே பதில் சொல்லியிருக்கிறேன்.

வேறொருவர்: 200 போட்டால் 20 அடிக்குத் தாங்குமா மேடம்?

இது மூன்றாவது முறை. தயவுசெய்து முந்தைய பதில்களைப் படித்துவிட்டுக் கேளுங்கள்.

பிளம்பிங் ஒப்பந்தக்காரர்: வடிகால் குழாய் போக கர்டரில் வழி விட வேண்டும். எங்கே வெட்டலாம்?

பிளாஞ்சைத் தொடாதீர்கள். நான் எந்தத் தளத்துக்குப் போனாலும் முதலில் சொல்வது இதுதான்.

ஒரு கிடங்கில் இப்படித்தான் கீழ்ப் பிளாஞ்சை நடு இடைவெளியில் ஒரு சாண் நீளத்துக்கு, இரு பக்கமும், வெப்பின் மட்டத்தோடு சுத்தமாக வெட்டி எடுத்திருந்தார்கள். வெட்டியவர் அழகாகத் தேய்த்துப் பெயின்ட்டும் அடித்திருந்தார். நூல் பிடித்தபோது நடுவில் 14 மி.மீ. தாழ்ந்திருந்தது. எங்கள் ஐஎஸ்எம்பி 200-ல் இப்படி வெட்டினால் அந்த இடத்தின் வலு கால் பங்காகிவிடும். வளைவு மிகுந்த இடமும் அதுவே.

வழி வேண்டுமென்றால் வெப்பின் நடு உயரத்தில் வட்டமாகத் துளையிடலாம். அங்கே இரும்பு சும்மா இருக்கிறது என்று ஸ்பாஞ்சில் பார்த்தோம். ஆனால் சுவரில் உட்காரும் முனைகளுக்கு அருகே துளை வேண்டாம். முனைகளில் வளைவு குறைவு, வெட்டுவிசை அதிகம், அதை ஏறக்குறைய முழுவதும் வெப்தான் தாங்குகிறது. துளையின் விட்டத்தைப் பொறியாளர் கணக்கிட்டுத் தரட்டும்.

புதியவர்: கான்கிரீட் உத்தரத்தை மட்டும் ஏன் செவ்வகமாக வார்க்கிறார்கள்?

கம்பியும் கான்கிரீட்டும் வேலையைப் பிரித்துக்கொள்ளும் கதை வேறு. அதைக் கான்கிரீட் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

மேற்பார்வையாளர்: கடைசியாக ஒன்று. மரம் பிடிப்பது போல மேலே கான்கிரீட் தளம் விளிம்பைப் பிடித்துக்கொண்டால், மெல்லிய பட்டை போதும்தானே?

நல்ல இடத்துக்கு வந்துவிட்டீர்கள். இரு முனைகளிலும் தாங்கிய உத்தரத்தில் மேல் விளிம்பு தளத்தோடு நன்றாகப் பிணைந்திருந்தால், அது பக்கத்தில் ஓடும் பயம் பெரும்பாலும் போய்விடும். ஆனால் சுவரைத் தாண்டி உத்தரம் வெளியே நீண்டால் அங்கே நசுங்குவது கீழ் விளிம்பு. தளம் அதைப் பிடிப்பதில்லை. கூரைத் தகட்டைக் காற்று மேலே தூக்கும்போதும் அப்படித்தான். எட்டு மி.மீ. தடிப்பு முனையில் நசுங்காமல் நிற்குமா என்பதும் தனிக் கணக்கு. உங்கள் வரைபடத்தில் வெளியே நீட்டல் இருக்கிறதா?

மேற்பார்வையாளர்: நான்கு அடி பால்கனி இருக்கிறது.

அப்படியானால் வரைபடத்தை அனுப்புங்கள். பார்க்காமல் ஆம் என்றும் சொல்ல மாட்டேன், இல்லை என்றும் சொல்ல மாட்டேன்.