காசநோய் வார்டுக்கு எந்த மாஸ்க்?

கேள்வி: காசநோய் வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். நீல நிற மூன்றடுக்கு மாஸ்க்தான் தருகிறார்கள். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு போட்டால் போதுமா? கடையில் ‘என்95’ என்று காதில் மாட்டுகிற மாஸ்க் 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதை வாங்கலாமா?

பதில்: இரண்டு போட்டாலும் போதாது. கோளாறு துணியில் இல்லை, அதன் ஓரத்தில் இருக்கிறது.

மாஸ்க் சல்லடை மாதிரி வேலை செய்வதில்லை. நடு அடுக்கில் மெல்லிய பாலிப்ரொப்பிலீன் இழைகள் சிக்கலாகக் கிடக்கின்றன. இழைகளுக்கு நடுவில் உள்ள இடைவெளி கிருமியைவிடப் பெரியது. காற்று இழையைச் சுற்றி வளைந்து போகும்போது, பெரிய துகளால் அந்த வேகத்தில் வளைய முடியாமல் இழையில் மோதி ஒட்டிக்கொள்கிறது. மிகச் சிறிய துகளைக் காற்றின் மூலக்கூறுகள் அங்குமிங்கும் தள்ள, அதுவும் அலைந்து அலைந்து இழையில் படுகிறது. இரண்டிலும் தப்பப் பார்ப்பது 0.3 மைக்ரான் அளவில் இருக்கும் துகள்தான். அதனால்தான் என்95-ஐ அந்த அளவு உப்புத் துகளை வைத்துச் சோதிக்கிறார்கள். 95 சதவீதமாவது பிடிபட வேண்டும். இழைகளில் ஏற்றியிருக்கும் நிலைமின்சாரமும் துகள்களை இழுத்துப் பிடிக்கிறது.

காசநோய்க் கிருமியைச் சுமந்து காற்றில் மிதக்கும் துகள்கள் பெரும்பாலும் 1 முதல் 5 மைக்ரான் வரை இருக்கும். உங்களுக்குத் தரும் நீல மாஸ்க்தான் சர்ஜிக்கல் மாஸ்க்; அது நல்லதாக இருந்தால் அதன் துணியே இவற்றில் பெரும்பகுதியைப் பிடித்துவிடும். ஆனால் மாஸ்க்கைச் சோதிக்கும்போது துணியைக் கருவியில் இறுக்கிப் பொருத்துகிறார்கள். முகத்தில் அது அப்படி உட்காராது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 95 சதவீதம் வடிகட்டும் மாஸ்க்கில், நீங்கள் இழுக்கும் காற்றில் பத்தில் ஒரு பங்கு கன்னத்து இடைவெளி வழியாக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். துணி வழியாக 4.5 சதவீதத் துகள்கள், இடைவெளி வழியாக 10, ஆக 14.5 சதவீதம் உள்ளே போய்விடும். ஓரம் திறந்த மாஸ்க்கின் மேல் இன்னொன்றை அடுக்கினால் துணி வழியே இழுப்பது கடினமாகி, காற்று ஓரத்தையே தேடும்.

சர்ஜிக்கல் மாஸ்க்கை நோயாளிக்குப் போடுங்கள். இருமும்போது வரும் நீர்த்துளிகள் காய்ந்து சுருங்கி மிதக்கத் தொடங்குமுன் அது பிடித்துவிடும். மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயாளிகளுக்கு மாஸ்க் அணிவித்து தென்னாப்பிரிக்காவில் செய்த ஆய்வு 2012-இல் வெளியானது. வார்டுக் காற்றைச் சுவாசித்த கினிப்பன்றிகளிடையே தொற்று 56 சதவீதம் குறைந்தது. டிரெஸ்ஸிங், அறுவை அரங்கு, ரத்தம் தெறிக்கும் வேலை ஆகியவற்றுக்கு உங்களுக்கும் சர்ஜிக்கல் மாஸ்க்கே சரி. சளியில் கிருமி உள்ள நோயாளியின் அறை, சளி மாதிரி எடுப்பது, சக்‌ஷன், குழாய் செருகுவது, பிராங்கோஸ்கோப்பி என்றால் ரெஸ்பிரேட்டர், அதாவது முகத்தோடு ஒட்டி உட்காரும் என்95 வகை மாஸ்க், கட்டாயம். தட்டம்மை, சின்னம்மை நோயாளிகளின் அறைக்கும் அப்படியே.

இனி 30 ரூபாய் மாஸ்க். என்95 என்பது அமெரிக்கத் தரப்பெயர். நம் நாட்டுத் தரமான ஐஎஸ் 9473-இல் அந்தப் பெயரே கிடையாது. அதற்கு நிகராக அதில் உள்ளது எஃப்எஃப்பி2. ஆகவே மாஸ்க்கிலோ உறையிலோ ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 9473, எஃப்எஃப்பி2 என்பதும் உரிம எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பார்க்கலாம். அமெரிக்க அங்கீகாரம் பெற்றதென்றால் TC-84A என்று தொடங்கும் எண் இருக்கும். வெறும் ‘என்95’ எழுத்தை நம்பிக் காசு கொடுக்க வேண்டாம். காதுப் பட்டை போதிய இறுக்கம் தராது. தலையைச் சுற்றும் இரட்டைப் பட்டையே வாங்குங்கள். வால்வு வேண்டாம், நீங்கள் விடும் மூச்சு அதன் வழியே வடிகட்டப்படாமல் வெளியேறும்.

அணியும்போது மேல் பட்டை உச்சந்தலையின் பின்புறமும், கீழ்ப் பட்டை காதுக்குக் கீழே கழுத்திலும் வர வேண்டும். மூக்குக் கம்பியை இரண்டு கை விரல்களாலும் நடுவிலிருந்து இருபுறமும் அழுத்துங்கள். ஒரு கையால் கிள்ளினால் கம்பி கூர்மையாக மடங்கி, அந்த இடத்திலேயே சந்து விழும். பிறகு இரு கைகளாலும் மாஸ்க்கை மூடி வேகமாக மூச்சை இழுங்கள்; மாஸ்க் உள்வாங்க வேண்டும். மூச்சை விடும்போது கண் பக்கம் காற்று பட்டாலோ கண்ணாடியில் ஆவி படிந்தாலோ மறுபடியும் பொருத்துங்கள். பலர் உள்ளே சர்ஜிக்கல் மாஸ்க்கைப் போட்டு மேலே ரெஸ்பிரேட்டரை மாட்டுகிறார்கள். அந்த மடிப்பே ஓரத்தைத் திறந்துவிடுகிறது. தாடியும் ஓரத்தில் சிக்கும் தலைமுடியும் அதையேதான் செய்யும்.

சானிடைசர், ஸ்பிரிட், சோப்பு எதுவும் அதில் படக்கூடாது. நிலைமின்சாரம் போய்விடும்; பார்க்க மாஸ்க் புதிதுபோலவே இருக்கும். தட்டுப்பாட்டில் மறுபடி அணிய நேர்ந்தால் காகித உறையில் வையுங்கள். நனைந்தாலோ பட்டை தளர்ந்தாலோ தூக்கிப் போடுங்கள்.

மொத்தமாக வாங்குமுன் உங்கள் தொற்றுத் தடுப்புக் குழுவிடம் பொருத்தச் சோதனை கேளுங்கள். தலையை மூடும் உறைக்குள் சாக்கரின் தெளித்து, தலையைத் திருப்பி, குனிந்து, பேசச் சொல்வார்கள். இனிப்புத் தெரிந்தால் மாஸ்க்கைச் சரிசெய்து மறுபடி பார்ப்பார்கள். அப்போதும் தெரிந்தால் அந்த மாடல் உங்கள் முகத்துக்கு ஆகாது. வேறு அளவோ வேறு மாடலோ கேட்டு வாங்குங்கள்.