அத்தான் காட்டிய சான்றிதழும் மத்திய வங்கியின் பட்டியலும்

"ஐயா, நான் புதுக்குடியிருப்பில் இருக்கிறேன். அக்காவின் கணவர் வேலை செய்யும் நிதிக் கம்பனியில் நான்கு மாதத்துக்கு முன் 3 இலட்சம் ரூபா போட்டேன். தாலிக்கொடியை வங்கியில் அடகு வைத்து எடுத்த காசு. அடகு வட்டி வருடத்துக்கு 14 வீதம். கம்பனி மாதம் 3 வீதப்படி 9,000 ரூபா ஒழுங்காகத் தருகிறது. இப்போது கணவரின் சேமலாபப் பணம் 5 இலட்சத்தையும் போடச் சொல்லி அத்தான் நெருக்குகிறார். காப்புறுதியும் சேர்த்துத் தருவார்களாம். கம்பனியின் சான்றிதழையும் ஒப்பந்தத்தையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். இவர்களை யார் கண்காணிக்கிறார்கள், அனுமதி உண்மைதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?"

தங்கச்சி, நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கண்ணாடிச் சட்டத்துக்குள் இருப்பது கம்பனிகள் பதிவாளர் திணைக்களத்தின் கூட்டிணைப்புச் சான்றிதழ். அதில் PV என்று தொடங்கும் இலக்கம் இருக்கிறதே, அது தனியார் கம்பனி ஒன்று பதிவாகியிருக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. அரிசி ஆலை வைப்பவரும் அதே இலக்கம் எடுக்கிறார், கட்டட ஒப்பந்தகாரரும் எடுக்கிறார். பொதுமக்களிடம் காசு வாங்கி வைத்திருக்க அந்தத் தாள் எந்த உரிமையும் கொடுக்காது.

அதற்குப் பக்கத்தில் மாட்டியிருப்பது பிரதேச சபை கொடுத்த வியாபார அனுமதிப்பத்திரம். எங்கள் பக்கத்துச் சனம் ஏமாறுவது பெரும்பாலும் இந்தச் சொல்லில்தான். "அனுமதிப்பத்திரம் இருக்குது" என்று அத்தான் சொன்னது பொய்யில்லை. ஆனால் அது கடை திறப்பதற்கான அனுமதி. வைப்புப் பணம் ஏற்பதற்கான உரிமம் வேறு. அதைக் கொடுப்பது இலங்கை மத்திய வங்கி ஒன்றுதான். வங்கி என்றால் 1988 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தின் கீழ், நிதிக் கம்பனி என்றால் 2011 ஆம் ஆண்டின் 42 ஆம் இலக்க நிதித்தொழில் சட்டத்தின் கீழ் அந்த உரிமம் வரும்.

இனி ஒப்பந்தத்துக்கு வருவோம். "நிலையான வைப்பு" என்ற சொல் அதில் ஓரிடத்திலும் இல்லை. "முதலீட்டுப் பங்காளர்" என்றும் "மாதாந்த இலாபப் பகிர்வு" என்றும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் இலாபம் வந்தாலும் வராவிட்டாலும் மாதம் 3 வீதம், வருட முடிவில் முதல் திரும்பும் என்று அதே தாளில் இருக்கிறது. காசை வாங்கி, வட்டியோடு திருப்பித் தருகிறேன் என்று ஒருவர் ஒப்புக்கொண்டால், அதற்கு என்ன பெயர் சூட்டினாலும் நிதித்தொழில் சட்டம் அதை வைப்பாகத்தான் பார்க்கும். பெயரை மாற்றி எழுதியிருப்பதே எனக்குப் பெரிய சந்தேகத்தைத் தருகிறது. உரிமம் கையில் இருப்பவர் வைப்பை வைப்பு என்று எழுத ஏன் கூச்சப்பட வேண்டும்?

உரிமம் பெற்ற வங்கிகளினதும் நிதிக் கம்பனிகளினதும் பெயர்ப் பட்டியலை மத்திய வங்கி www.cbsl.gov.lk என்ற தளத்தில் வைத்திருக்கிறது. ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் முத்திரைக்குள் இருக்கும் முழுப் பெயரை எழுத்து எழுத்தாக அந்தப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். அறிவிப்புப் பலகையில் இருக்கும் சுருக்கப் பெயர் போதாது. ஒரே குழுமத்தில் ஒரு கம்பனிக்கு உரிமம் இருக்கும், அதன் சகோதரக் கம்பனிக்கு இராது. 2008 இல் கோல்டன் கீ விழுந்தபோது இதைத்தான் பார்த்தோம். கடனட்டைக் கம்பனி என்று பெயர், நாடறிந்த குழுமத்தின் பின்னணி, நல்ல வட்டி, எல்லாமே இருந்தன. வைப்பு ஏற்கும் உரிமம் மட்டும் இருக்கவில்லை.

பெயர் கிடைத்தால் அது எந்த வகுப்பில் இருக்கிறது என்றும் பாருங்கள். லீசிங் செய்யப் பதிவு பெற்ற நிறுவனங்களும் மத்திய வங்கியின் தளத்தில் இருக்கும். ஆனால் லீசிங் பதிவை மட்டும் வைத்துக்கொண்டு உங்களிடம் வைப்பு வாங்க முடியாது. வாகனத்துக்குக் கடன் கொடுக்கலாம், அவ்வளவுதான். பிறகு, உரிமம் இடைநிறுத்தப்பட்டதா, இரத்தானதா, புதிய வைப்பு ஏற்கத் தடை ஏதும் உண்டா என்று மத்திய வங்கியின் அறிவித்தல்களையும் பாருங்கள். போன வருடத்து உரிமத்தின் நிழற்படப் பிரதியை மேசைக் கண்ணாடிக்குக் கீழ் வைத்துக்கொண்டு இந்த வருடமும் காசு வாங்குபவர்கள் இருக்கலாம். ஆகவே தாளை நம்பாமல் இன்றைய பட்டியலைப் பாருங்கள்.

தளத்தில் தேடுவது கரைச்சல் என்றால் 1935 க்கு அழையுங்கள். அது மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவு. கம்பனியின் முழுப் பெயரைச் சொல்லி, "இவர்களுக்குப் பொதுமக்களிடமிருந்து வைப்பு ஏற்க உரிமம் இருக்கிறதா?" என்று கேளுங்கள். இதே சொற்களில் கேட்க வேண்டும். "பதிவு இருக்கிறதா?" என்று கேட்டால் ஏதோ ஒரு பதிவு இருந்துவிடும். நேரே போய்க் கேட்க விரும்பினால் கிளிநொச்சியில் மத்திய வங்கியின் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. ஒப்பந்தத்தையும் பற்றுச்சீட்டுகளையும் கையோடு கொண்டு போங்கள்.

பட்டியலில் பெயர் இருந்துவிட்டால்கூட ஒரு வேலை மிச்சம். அந்தக் கம்பனியின் தலைமையகத்துக்கு அழைத்து, புதுக்குடியிருப்பில் உங்களுக்குக் கிளை உண்டா, இந்தப் பற்றுச்சீட்டு இலக்கம் உங்களுடையதா என்று கேளுங்கள். தொலைபேசி இலக்கத்தைப் பற்றுச்சீட்டிலிருந்து எடுக்காதீர்கள், மத்திய வங்கி மூலம் எடுங்கள். உண்மையான கம்பனியின் பெயரைப் போட்டுப் போலிப் புத்தகம் அடிப்பது பெரிய கஷ்டமில்லை.

காப்புறுதி வேறு கதை. அதை இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு பார்க்கிறது. நிதிக் கம்பனி தன் கையால் காப்புறுதி எழுத முடியாது. உண்மையாகவே காப்புறுதி இருந்தால், பதிவுபெற்ற காப்புறுதிக் கம்பனி ஒன்றின் பெயரும் காப்புறுதி ஒப்பந்த இலக்கமும் இருக்கும். அந்தக் கம்பனிக்கே அழைத்து இலக்கத்தைச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தின் அடியில் "உங்கள் முதலீடு முழுமையாகக் காப்புறுதி செய்யப்பட்டது" என்று ஒரு வரி இருக்கிறதே, காப்புறுதியாளரின் பெயரே இல்லாமல்? அதற்கு ஒரு பெறுமதியும் இல்லை. முதலீட்டோடு காப்புறுதியை ஒட்டி விற்பது இப்போது எல்லா இடமும் ஓடுகிறது. உரிமம் உள்ளவர்கள் விற்றாலும் இரண்டையும் தனித்தனியாகக் கணக்குப் பார்க்காமல் வாங்க வேண்டாம் என்பேன்.

மத்திய வங்கியின் உரிமம் உள்ள வங்கிகளிலும் நிதிக் கம்பனிகளிலும் வேறொரு பாதுகாப்பு உண்டு. அவை வைப்புக் காப்புறுதித் திட்டத்தில் கட்டாய உறுப்பினர்கள். நிறுவனத்தின் உரிமம் இரத்தானால், ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபா வரை அத்திட்டம் கொடுக்கும். உரிமம் இருந்தாலே விழாது என்று நினைக்கவும் வேண்டாம். த பினான்ஸ் கம்பனி பழைய, உரிமம் பெற்ற நிறுவனம். 2020 மே மாதம் அதன் உரிமத்தை மத்திய வங்கி இரத்துச் செய்தது. அன்று உச்சவரம்பு 6 இலட்சம். அதற்கு மேல் வைத்திருந்தவர்கள் மிச்சத்துக்குக் காத்திருக்க வேண்டியதாயிற்று. உரிமமே இல்லாத இடத்தில் விழுந்தால் அந்த 6 இலட்சமும் இல்லை. (கூட்டுறவுச் சங்கங்களின் கிராமிய வங்கிகளும் சமுர்த்தி வங்கிகளும் பெயரில் வங்கி என்று இருந்தாலும் மத்திய வங்கியின் உரிமத்தில் இயங்குபவை அல்ல. முதலாவது மாகாணக் கூட்டுறவுத் திணைக்களத்தின் கீழ், மற்றது சமுர்த்தித் திணைக்களத்தின் கீழ். அவை கள்ளக் கம்பனிகள் இல்லை. ஆனால் இந்த 11 இலட்சப் பாதுகாப்பு அங்கே கிடையாது.)

இதெல்லாம் தேடிப் பார்க்கிற வேலைதான், அரை நாளில் முடிந்துவிடும். எனக்கு உண்மையில் கவலை தருவது வேறு. நகையை அடகு வைத்து வைப்புப் போட்டிருக்கிறீர்கள், அதுவும் அத்தான் சொன்ன ஒரே காரணத்துக்காக. அதை இலாபம் என்று நினைக்கிறீர்கள் என்பது கடிதத்தில் தெரிகிறது. கணக்கைப் பாருங்கள். 3 இலட்சத்துக்கு 14 வீதம் என்றால் வருடம் 42,000, மாதம் 3,500 ரூபா. 9,000 வாங்கி 3,500 ஐ அடகுக்கு ஒதுக்கினால் 5,500 மிச்சம் போலத் தெரியும். நான்கு மாதத்தில் உங்கள் கைக்கு வந்தது 36,000. இந்த மாதம் கதவைப் பூட்டினால் போட்ட முதலில் 264,000 போச்சு, அடகு வட்டி 14,000 தலையில். கிட்டத்தட்ட 278,000 ரூபா நட்டம், தாலிக்கொடியும் வங்கியில். மாதம் 9,000 வீதம் உங்கள் சொந்த 3 இலட்சமே திரும்பி வர 33 மாதத்துக்கு மேல் வேண்டும். அடகு வட்டியைக் கழித்தால் நாலரை வருடம். அதுவரை இந்தக் கம்பனி நிற்க வேண்டும்.

ஒழுங்காக வட்டி வருவதைச் சான்றாக எடுக்காதீர்கள். வருடத்துக்கு 36 வீதம் கொடுக்க அவர்கள் அந்தக் காசை எங்கே போட்டு 36 ஐவிடக் கூடுதலாகச் சம்பாதிக்கிறார்கள்? அத்தானிடம் இதைக் கேளுங்கள். "கொழும்பில் பெரிய திட்டம்" என்றோ "வெளிநாட்டு நாணய வியாபாரம்" என்றோ பதில் வந்தால், உங்கள் 9,000 பக்கத்து ஊராரின் வைப்பிலிருந்து வருகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அடுத்த ஆளின் வட்டிக்குத்தான் உங்கள் கணவரின் 5 இலட்சத்தைக் கேட்கிறார்கள்.

அத்தான் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவருக்கே தெரியாமல் இருக்கலாம். ஆனால் ஆள் சேர்த்தால் தரகு கிடைக்கிற ஒருவரிடம் கம்பனி நல்லதா என்று கேட்பதில் பயனில்லை. "சேமலாபப் பணம் என் கணவருடையது, மத்திய வங்கியில் கேட்டுவிட்டுத்தான் முடிவு" என்று சொல்லுங்கள். கோபித்தால் கோபிக்கட்டும்.

1935 இல் உரிமம் இல்லை என்று பதில் வந்தால், முதலைத் திருப்பித் தரச் சொல்லி கம்பனிக்குக் கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் போடுங்கள். பிரதியும் தபால் பற்றுச்சீட்டும் உங்களிடம் இருக்கட்டும். இரண்டு கிழமைக்குள் காசு வராவிட்டால் அதே பிரதியோடு மத்திய வங்கிக்கும் பொலிசுக்கும் முறைப்பாடு கொடுங்கள். "இன்னும் ஆறு மாதம் வைத்திருந்தால் 4 வீதம்" என்று புது ஒப்பந்தம் நீட்டுவார்கள். கையெழுத்துப் போட வேண்டாம். பழைய தாள்களைத் திருப்பிக் கேட்டாலும் கொடுக்காதீர்கள், பிரதி மட்டும் கொடுங்கள்.

காசு திரும்பினால் நேரே அடகுக்கடனைக் கட்டி நகையை மீளுங்கள். அதுவரை வருகிற 9,000 த்தை வீட்டுச் செலவில் கலக்காமல் முழுவதையும் அடகுக்கே கட்டிக்கொண்டு வாருங்கள். அடகுச் சீட்டில் மீட்கும் கடைசித் திகதி எழுதியிருக்கும். கடிதத்தில் அதை நீங்கள் சொல்லவில்லை. இன்று இரவே எடுத்துப் பாருங்கள்.